பாலாற்றங்கரைக்கு 15 மீட்டரில் என்டிவிஐ: பான்-ஷார்ப்பனிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் பயிர்ப்பரப்பையோ ஏரிகளின் நீர்ப்பரப்பையோ செயற்கைக்கோள் படத்தில் அளக்க நினைக்கும் பலர் லேண்ட்சாட் 8 அல்லது 9-இல்தான் கை வைக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கிறது, 2013 முதல் தொடர்ச்சியாகவும் இருக்கிறது. அதன் நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு பேண்டுகள் 30 மீட்டர். அதாவது ஒரு பிக்சலுக்குள் 900 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 22 சென்ட் நிலம் அடங்கிவிடும். நிறங்களைப் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்துக் கருப்பு-வெள்ளையாகப் பதியும் எட்டாவது பேண்டான பான் 15 மீட்டர், ஒரு பிக்சலுக்கு ஐந்தரை சென்ட் சொச்சம். இரண்டையும் இணைத்து நிறப் படத்தைக் கூர்மையாக்குவதுதான் பான்-ஷார்ப்பனிங்.

பார்ப்பதற்கும், மேலே கோடு வரைவதற்கும் இது நல்ல வேலை. காட்பாடி பாலம், ஏரிக்கரை, தோப்பின் விளிம்பு எல்லாம் தெளிவாகத் தெரியும். சிவப்பையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டுத் தாவரப் பசுமையைக் காட்டும் எண்ணான என்டிவிஐயை அந்தக் கூர்மையான படத்திலிருந்தே கணக்கிட்டு, "15 மீட்டர் தாவரக் குறியீடு" என்று அறிக்கையில் சேர்க்கும்போதுதான் தவறு தொடங்குகிறது.

பான் பார்க்காததை பான் தர முடியாது

லேண்ட்சாட் 8-இன் பான் பேண்ட் 0.503 முதல் 0.676 மைக்ரோமீட்டர் வரையான ஒளியை மட்டுமே பதிவு செய்கிறது. பச்சையும் சிவப்பும் அதற்குள் வருகின்றன. நீலம் (0.452–0.512) ஓரத்தில் லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அண்மை அகச்சிவப்போ 0.851–0.879. பானுக்கும் அதற்கும் இடையில் ஒரு துளிகூடப் பொதுவாக இல்லை.

லேண்ட்சாட் 7-இல் பான் 0.52 முதல் 0.90 வரை விரிந்திருந்தது, அகச்சிவப்பும் அதில் சேர்ந்திருந்தது. அந்தக் காலத்துப் பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்து நான்கு பேண்டுகளையும் சேர்த்துக் கூர்மையாக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. லேண்ட்சாட் 8-க்கு அது பொருந்தாது.

பாலாற்றில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். கோடையில் ஆற்றுப்படுகை வெளுத்த மணல், கரையை ஒட்டித் தென்னந்தோப்பு. ஒரு 30 மீட்டர் பிக்சல் சரிபாதி தோப்பிலும் சரிபாதி மணலிலும் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்ட மாதிரிப் பிரதிபலிப்பு மதிப்புகள் இவை: தோப்பில் சிவப்பு 0.05, அகச்சிவப்பு 0.35, பான் 0.06. மணலில் சிவப்பு 0.29, அகச்சிவப்பு 0.35, பான் 0.26. உண்மையான என்டிவிஐ தோப்புக்கு 0.75, மணலுக்கு 0.09. கலந்த பிக்சலில் சிவப்பு 0.17, அகச்சிவப்பு 0.35 என்று பதிவாகும், என்டிவிஐ 0.35 வரும்.

இப்போது ப்ரோவி முறையில் கூர்மையாக்குவோம். அது ஒவ்வொரு பேண்டையும் ஒரே விகிதத்தால் பெருக்குகிறது: அந்த இடத்தின் பான் மதிப்பை, நிற பேண்டுகளிலிருந்து கிடைக்கும் சராசரி ஒளிர்வால் வகுத்த விகிதம். இங்கே சராசரி 0.16. தோப்பின் விகிதம் 0.06/0.16, அதாவது 0.375. சிவப்பு 0.064 ஆகிறது, ஏறக்குறைய சரி. ஆனால் 0.35 ஆக இருந்த தோப்பின் அகச்சிவப்பு 0.13-க்கு இறங்கிவிடுகிறது. மணலிலோ அது 0.57-க்கு ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தோப்பு இருட்டாக இருப்பதை வைத்து, அகச்சிவப்பிலும் அதை இருட்டாக்கிவிட்டது.

என்டிவிஐ என்னவாகும்? இரண்டு பேண்டும் ஒரே எண்ணால் பெருக்கப்பட்டதால் அந்த எண் மேலும் கீழும் அடிபட்டுப் போகும்:

```
NDVI = (k*NIR - k*R) / (k*NIR + k*R) = (NIR - R) / (NIR + R)
```

தோப்புக்கும் 0.35, மணலுக்கும் 0.35. கோப்பின் பண்புகளில் 15 மீட்டர் என்று எழுதியிருக்கும், உள்ளே இருப்பது 30 மீட்டர் தகவல்தான். கோப்பு நான்கு மடங்கு பெருத்தது மட்டுமே மிச்சம்.

கூட்டும் முறைகள் பொய்ப் பச்சை காட்டும்

ஐஎச்எஸ் போன்ற முறைகள் பெருக்குவதில்லை. பான் வித்தியாசத்தை எல்லாப் பேண்டுகளிலும் கூட்டுகின்றன. அதே பிக்சலில் தோப்புப் பக்கம் எல்லாவற்றிலும் 0.10 குறைகிறது, மணல் பக்கம் 0.10 கூடுகிறது. என்டிவிஐ 0.56, 0.25 என்று பிரிகிறது. உண்மைக்குக் கொஞ்சம் நெருங்கியது போலத் தெரியும். பலர் இதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். இங்கே தோப்பு இருட்டாகவும் மணல் வெளுப்பாகவும் அமைந்ததால் தற்செயலாகத் திசை சரியாக வந்தது. இருட்டாக இருப்பதெல்லாம் பச்சை என்பதுதான் இந்தக் கணக்கின் உள்ளே ஒளிந்திருக்கும் அனுமானம்.

அது எங்கே உடைகிறது என்று பார்ப்போம். குடியாத்தம் பக்கம் உழுது போட்ட ஒரு நிலம், பயிர் ஒன்றும் இல்லை. பாதிக்குத் தண்ணீர் பாய்ச்சியாகிவிட்டது, மறுபாதி காய்ந்து கிடக்கிறது. ஈரமண்ணில் சிவப்பு 0.10, அகச்சிவப்பு 0.14. காய்ந்த மண்ணில் 0.20, 0.28. இரண்டுக்கும் என்டிவிஐ ஒன்றே, 0.17. பானில் ஈரப்பகுதி 0.04 தாழ்ந்தும் காய்ந்த பகுதி 0.04 உயர்ந்தும் இருந்தால், கூட்டிய பிறகு ஈரமண்ணுக்கு 0.21, காய்ந்த மண்ணுக்கு 0.14 வரும். ஒரு புல்கூட முளைக்காத இடத்தில் பயிர் தலைகாட்டியதாக வரைபடம் சொல்லும். ஜவ்வாது மலையின் நிழல் சரிவுகளிலும் இதே கோளாறு வரும்.

ஏரியில் வரும் சிக்கல் இதற்கு நேர்மாறு. வட ஆற்காட்டு ஏரிகள் பலவற்றில் தண்ணீர் விளிம்புவரை சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். தண்ணீரும் சீமைக்கருவேலமும் பச்சை, சிவப்பு ஒளியில் இரண்டுமே இருட்டு, பானில் பெரிய வித்தியாசம் கிடையாது. அவற்றைப் பிரித்துக் காட்டுவது அகச்சிவப்புதான்: தண்ணீரில் மிகக் குறைவு, மரத்தில் அதிகம். ஆக, நீர்ப்பரப்பின் எல்லை எங்கே நமக்கு வேண்டுமோ, அங்கே பானிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. கரைக்கல்லும் சாலையும் பளிச்சென்று வந்திருப்பதைப் பார்த்து நீரின் விளிம்பும் 15 மீட்டர் துல்லியத்தில் இருப்பதாக நினைத்து ஹெக்டேர் கணக்கைத் தசமத்தில் எழுதிவிடக் கூடாது.

கோப்பு எண்ணையே நேரடியாகப் பெருக்குவது

ப்ரோவி என்டிவிஐயை மாற்றாது என்றோம். அது பிரதிபலிப்பு மதிப்பில் செய்தால் மட்டும். லேண்ட்சாட் கலெக்ஷன் 2, லெவல் 2 கோப்பில் இருப்பது பிரதிபலிப்பு அல்ல, DN எனப்படும் குறியாக்கிய முழு எண்:

```
reflectance = DN * 0.0000275 - 0.2
```

அந்த 0.2 கழிப்பதில்தான் வினை. ஒரு பயிர் பிக்சலில் சிவப்பு 0.06, அகச்சிவப்பு 0.30, என்டிவிஐ 0.67. கோப்பில் இவை 9455, 18182. பான் விகிதம் 0.9 என்று வைத்து இந்த எண்களையே பெருக்கினால் 8510, 16364. பிரதிபலிப்பாக மாற்றினால் 0.034, 0.25. என்டிவிஐ 0.76 ஆகிவிட்டது. பயிரில் எந்த மாற்றமும் இல்லை, எண்களைக் கையாண்ட வரிசைதான் தவறு. முதலில் பிரதிபலிப்பாக மாற்றுங்கள், பிறகு கூர்மையாக்குங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: லெவல் 2 தொகுப்பில் பான் பேண்ட் கிடையாது, லெவல் 1-இல் மட்டுமே உண்டு. வளிமண்டலத் திருத்தம் செய்த நிற பேண்டுகளோடு திருத்தம் செய்யாத பானைச் சேர்த்தால் விகிதமே சாய்ந்துவிடும். படம் பார்க்க மட்டும் என்றால் எல்லாவற்றையும் லெவல் 1-இலிருந்தே எடுத்து, நிற பேண்டுகள் மூன்றை மட்டும் கொடுங்கள்:

```
gdal_pansharpen.py pan15.tif rgb30.tif out15.tif
```

கார்ட்டோசாட்-1-இன் 2.5 மீட்டர் பானை லிஸ்-4-இன் 5.8 மீட்டர் படத்தோடு இணைப்பவர்கள் தேதியையும் பார்க்க வேண்டும். ஜனவரியில் நிறைந்திருந்த ஏரியின் விளிம்பு, ஏப்ரலில் வற்றிய ஏரியின் நிறத்தின் மேல் கோடாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சோதனையும் ஏமாற்றும்

கூர்மையாக்கிய படத்தை மறுபடி 30 மீட்டருக்குச் சராசரியாக்கி மூலத்தோடு ஒப்பிடுவது வழக்கமான சோதனை. செய்ய வேண்டியதுதான், ஆனால் போதாது. மேலே பார்த்த தோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்: 0.13-க்கும் 0.57-க்கும் சராசரி 0.35. இரண்டு மதிப்பும் தவறு, சோதனையில் தேர்ச்சி.

நம்பத்தக்க சோதனை ஒரு படி கீழே இறங்கிச் செய்வது. நிற பேண்டுகளையும் அகச்சிவப்பையும் 60 மீட்டருக்கும் பானை 30 மீட்டருக்கும் குறைத்து, அவற்றை இணைத்து 30 மீட்டர் படம் உண்டாக்குங்கள். அதற்கு ஒப்பிட உண்மையான 30 மீட்டர் அகச்சிவப்பு உங்கள் கையிலேயே இருக்கிறது.

```
gdalwarp -tr 60 60 -te XMIN YMIN XMAX YMAX -r average ms30.tif ms60.tif
gdalwarp -tr 30 30 -te XMIN YMIN XMAX YMAX -r average pan15.tif pan30.tif
gdal_pansharpen.py pan30.tif ms60.tif test30.tif
```

`-te` எல்லைகள் இரண்டு வரியிலும் ஒன்றாக இருக்கட்டும், நீள அகலம் 60-ஆல் மீதியின்றி வகுபடட்டும். லேண்ட்சாட் பான் கட்டமும் 30 மீட்டர் கட்டமும் ஓரத்தில் 7.5 மீட்டர் விலகியிருக்கும். `gdalinfo` கொடுத்து இரண்டு கோப்பின் மூலை எண்களையும் பார்த்தால் தெரியும். ஒப்பிடும்போது மாவட்டம் முழுவதுக்கும் ஒரே சராசரிப் பிழையை எடுக்காதீர்கள். ஆற்றோரம், ஏரி விளிம்பு, மலைநிழல் ஆகிய இடங்களைத் தனியே வெட்டி, `test30.tif` அகச்சிவப்பிலிருந்து மூல அகச்சிவப்பைக் கழித்துப் பாருங்கள். தோப்பு ஓரங்களில் கழிவும் மணல் ஓரங்களில் மிகுதியும் வரிசையாக வந்தால், அந்தக் கூர்மை அகச்சிவப்பின் கூர்மை அல்ல.

வேலை நடக்க வேண்டிய முறை இதுதான்: தோப்பின் எல்லையைக் கூர்மையான படத்தின் மேல் வரையுங்கள், மதிப்பை மூல 30 மீட்டர் பிரதிபலிப்பிலிருந்து எடுங்கள். எல்லைக்குள் முழுதாக அடங்கும் பிக்சல்களை மட்டும் கணக்கில் சேருங்கள். 60 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள தோப்பில் அப்படி ஒரு முழுப் பிக்சல் விழும் என்று உறுதி சொல்ல முடியாது. அத்தகைய இடங்களுக்கு சென்டினல்-2-க்குப் போய்விடுங்கள். சிவப்பும் அகச்சிவப்பும் அதில் பதிவாகும்போதே 10 மீட்டர், பானே தேவையில்லை, 20 மீட்டர் அகலத் தோப்புவரை அளக்கலாம். 2015-க்கு முந்தைய ஆண்டுகள் வேண்டுமென்றால் 30 மீட்டரோடு நின்று, ஒடுங்கிய தோப்புகளை அட்டவணையில் "அளக்க இயலாது" என்று தனி வரிசையில் போடுங்கள்.