கூரியர் கட்டணத்துக்கு எத்தனை சதவீத வரி? சேலைக் கடையின் இணையப் பில்லைச் சரியாக அமைக்கும் முறை

மதுரையிலிருந்து சுங்குடிச் சேலையைச் சொந்த இணையதளத்தில் விற்கத் தொடங்குகிறவர்கள் சேலைக்கான வரியில் பெரும்பாலும் தவறுவதில்லை. பருத்திச் சேலை துணி வகையில் சேர்வதால் அதற்கு 5 சதவீதம் என்று ஆடிட்டரே சொல்லியிருப்பார். சிக்கல் பில்லில் அதற்கு அடுத்து வரும் அனுப்பும் கட்டணத்தில் இருக்கிறது. அதற்கு வரி போடலாமா, போட்டால் எத்தனை சதவீதம் என்று கேட்டால் மூன்று விதமான பதில் வருகிறது. கூரியர்காரர் 18 சதவீதம் வாங்குவதால் நானும் 18 போடுகிறேன் என்பார் ஒருவர். அவருக்குக் கொடுப்பதைத்தானே வாங்குகிறேன், எனக்கென்ன வரி என்பார் இன்னொருவர். மூன்றாமவர் அந்தக் கட்டணத்தையே பில்லில் காட்டியிருக்க மாட்டார். மூன்றுமே தவறு.

வாடிக்கையாளர் உங்களிடம் வாங்குவது சேலையை. அதை அவர் வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பது அந்த விற்பனையோடு ஒட்டிய வேலை. அதற்காக நீங்கள் வாங்கும் பணமும் விற்பனை மதிப்பின் பகுதி என்று சி.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே சரக்குக்கு என்ன வரியோ அதுவே அனுப்பும் கட்டணத்துக்கும். சேலைக்கு 5 என்றால் கூரியர் கட்டணத்துக்கும் 5தான். பணத்தைப் பொருள் வந்தபின் வாங்குவதற்காகத் தனியாக 40, 50 ரூபாய் போடுகிறீர்கள் என்றால் அதற்கும் இதே கணக்கு. கூரியர் நிறுவனம் உங்களிடம் வாங்கிய 18 சதவீதம் உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான கணக்கு. அவர்கள் தரும் பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அதை உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அதனால் கூரியர் கணக்கைத் திறக்கும் நாளிலேயே அந்த எண்ணைப் பதிந்துவிடுங்கள்.

இதெல்லாம் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்களுக்கு. பதிவு இல்லாதவர் வரி என்று ஒரு பைசாகூட வாங்கக் கூடாது. கடையில் வரி அமைப்பையே திறக்க வேண்டாம். தொகுப்பு வரித் திட்டத்தில் இருப்பவரும் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கவும் கூடாது. தமிழ்நாட்டைத் தாண்டிச் சரக்கு விற்பதற்கு, விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும், பொதுவாகப் பதிவு வேண்டும். பட்டியலிடப்பட்ட சில கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் சரக்கு அதில் வருகிறதா என்பதை முதல் வெளிமாநிலப் பார்சலுக்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதல் படி: ஒரு ஆர்டரைத் தாளில் போட்டுப் பாருங்கள்

கணினியைத் தொடுவதற்கு முன் இதைச் செய்வது நல்லது. திருநகரில் இருக்கும் ஒரு அம்மா, பெங்களூரில் இருக்கும் மகளுக்கு ஒரு சேலை அனுப்பச் சொல்கிறார். தளத்தில் போட்டிருக்கும் விலை வரியோடு சேர்த்து 1,680 ரூபாய். அனுப்பும் கட்டணம் வரியோடு 84 ரூபாய்.

வரி சேர்ந்த விலையிலிருந்து வரியைப் பிரிக்க, 5 சதவீதத்தைக் கழிக்கக் கூடாது. 1,680இல் 5 சதவீதம் 84. அதைக் கழித்தால் 1,596 வரும், அது தவறான கணக்கு. 105ஆல் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும்.

```
1680 × 100 / 105 = 1600    வரி 80
  84 × 100 / 105 =   80    வரி  4
மொத்தம்: 1680 + 84 = 1764   வரி 84
```

இனி அந்த 84 ரூபாய் எந்தப் பெயரில் போகிறது என்பது. பணம் கட்டியவர் மதுரைக்காரர், பார்சல் போவது கர்நாடகத்துக்கு. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சாதாரண வாடிக்கையாளர் என்றால் பொருள் போய்ச் சேரும் முகவரியின் மாநிலத்தையே பார்க்க வேண்டும். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தமும், 2024 ஜூனில் வந்த சுற்றறிக்கையும் இதைத் தெளிவாக்கிவிட்டன. ஆக, 84 ரூபாயும் வெளிமாநில விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி. இதே சேலை தேனிக்குப் போயிருந்தால் மத்திய அரசின் சி.ஜி.எஸ்.டி. 42, மாநில அரசின் எஸ்.ஜி.எஸ்.டி. 42. வாடிக்கையாளர் கட்டும் தொகை இரண்டிலும் 1,764தான். அதனால்தான் இந்தத் தவறு வாடிக்கையாளர் கண்ணில் படாமல் போய், மாதக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது வெளியே வருகிறது. ஜி.எஸ்.டி. எண் கொடுத்து வாங்கும் கடைக்காரர், சரக்கை வேறு மாநிலத்தில் வேறொருவருக்கு அனுப்பச் சொன்னால் விதி மாறும். அத்தகைய பில்லைத் தானாகப் போக விடாமல் கையால் போடுங்கள்.

இரண்டாம் படி: கடையில் அமைப்பது

இணையக் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். அமைப்பில் கடையின் முகவரி தமிழ்நாடு என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பொதுப் பக்கத்தில் வரிக் கணக்கை இயக்கியதும் `Tax` என்ற பக்கம் தோன்றும். அங்கே `Prices entered with tax` என்பதில் வரி சேர்ந்த விலை என்பதையும், `Calculate tax based on` என்பதில் `Customer shipping address` என்பதையும், `Shipping tax class` என்பதில் கூடையில் உள்ள பொருளைப் பொறுத்தது என்பதையும் தேர்ந்தெடுங்கள். கடையிலும் பணம் கட்டும் பக்கத்திலும் விலை வரியோடு தெரியட்டும்.

அடுத்து `Standard rates` பட்டியலில் மூன்று வரிசைகள்:

```
நாடு  மாநிலம்  Rate %  Tax name  Priority  Shipping
IN    TN       2.5     CGST      1         ✓
IN    TN       2.5     SGST      2         ✓
IN    *        5       IGST      1         ✓
```

இதில் `Priority` என்ற கட்டம்தான் புதியவர்களைத் திணறடிப்பது. ஒவ்வொரு முன்னுரிமை எண்ணுக்கும் பொருந்துகிற ஒரே ஒரு வரியைத்தான் வூகாமர்ஸ் எடுக்கும். மாநிலம் குறிப்பிட்ட வரி இருந்தால் அதற்கே முதலிடம். தேனி முகவரி வந்தால் 1இல் சி.ஜி.எஸ்.டி.யையும் 2இல் எஸ்.ஜி.எஸ்.டி.யையும் எடுக்கும். பெங்களூர் முகவரிக்கு 1இல் ஐ.ஜி.எஸ்.டி. மட்டுமே பொருந்தும். ஐ.ஜி.எஸ்.டி.க்கு 3 என்று கொடுத்துவிட்டால் தேனிக்காரருக்கு மூன்றும் சேர்ந்து 10 சதவீதம் விழும். சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. இரண்டுக்கும் 1 கொடுத்தால் ஒன்று மட்டும் எடுக்கப்பட்டு 2.5 சதவீதத்தோடு நின்றுவிடும். சோதனை ஆர்டரில் 10 அல்லது 2.5 என்று கண்டால் நேரே இந்தக் கட்டத்துக்கு வாருங்கள்.

அனுப்பும் கட்டணத்தை எழுதும் இடத்தில் இன்னொரு குழி இருக்கிறது. பொருளின் விலையை வரியோடு எழுதச் சொன்ன அதே வூகாமர்ஸ், அனுப்பும் கட்டணத்தை மட்டும் எப்போதும் வரி சேராத தொகையாகவே எடுத்துக்கொள்ளும். 84 வாங்க வேண்டும் என்றால் 80 என்று எழுதி, `Tax status` என்பதில் `Taxable` என்று வைக்க வேண்டும். 84 என்று எழுதினால் வாடிக்கையாளர் 88.20 கட்டுவார்.

இப்போது தேனி முகவரிக்கு ஒன்று, பெங்களூர் முகவரிக்கு ஒன்று என்று சோதனை ஆர்டர் போடுங்கள். இரண்டிலும் மொத்தம் 1,764 வர வேண்டும். வரி 80 மட்டும் வந்தால் `Shipping` கட்டத்தில் குறி விடுபட்டிருக்கும், அல்லது கட்டணம் வரியற்றதாக வைக்கப்பட்டிருக்கும்.

இரண்டு வரி விகிதம் ஒரே கூடையில் வந்தால்

2025 செப்டம்பர் 22 முதல், தைத்த உடை ஒன்று 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. சேலை தைக்காத துணி என்பதால் இந்த வரம்பு அதைத் தொடாது. இப்போது அதே சேலையோடு, வரிக்கு முந்தைய விலை 4,800 ரூபாயில் ஒரு தைத்த குர்தாவையும் ஒருவர் வாங்குகிறார். அனுப்பும் கட்டணம் அதே 80. பொருள்களின் மதிப்புக்கு ஏற்ப அதைப் பங்கிடுவது வழக்கம். 1,600க்கும் 4,800க்கும் உள்ள விகிதம் ஒன்றுக்கு மூன்று. 20 ரூபாய் சேலையின் பங்கு, வரி 1 ரூபாய். 60 ரூபாய் குர்தாவின் பங்கு, வரி 10.80. ஆக 11.80.

வூகாமர்ஸ் இப்படிப் பங்கிடாது. கூடையில் சேலை போல `Standard` வகைப் பொருள் ஒன்று இருந்தாலே முழுக் கட்டணத்துக்கும் அந்த விகிதத்தைப் போட்டு 4 ரூபாய் என்று முடித்துவிடும். மீதி 7.80 உங்கள் தலையில் விழும். சிறிய கடைக்கு என் யோசனை எளிது. 18 சதவீதம் விழும் உடை எப்படியும் 2,500க்கு மேல் என்பதால், கூடை மதிப்பு 2,500ஐத் தாண்டினால் அனுப்புதல் இலவசம் என்று வைத்து, கூரியர் செலவை உடையின் விலையிலேயே சேர்த்துவிடுங்கள். பங்கிட வேண்டிய கட்டணமே பில்லில் இருக்காது.

மூன்றாம் படி: வாடிக்கையாளர் கண்ணுக்கு எப்போது தெரிகிறது

மொத்த விலையை ஒரே தொகையாகவும், அதில் அனுப்பும் கட்டணம், வரி என்னென்ன என்று பிரித்தும் காட்ட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. 1,680 என்று காட்டி அழைத்து வந்து, பணம் கட்டும் கடைசித் திரையில் 84ஐ ஏற்றுவது 2023இல் வந்த வழிகாட்டுதல்களின்படி தவிர்க்க வேண்டிய ஏமாற்று உத்தி. பொருளின் பக்கத்திலேயே, விலைக்குக் கீழே, ‘வரி உட்பட, அனுப்பும் கட்டணம் 84 ரூபாய்’ என்று எழுதிவிடுங்கள். பரிசுப் பொட்டலம் போன்ற கூடுதல் கட்டணத்துக்கு நீங்களே குறி போட்டு வைக்காதீர்கள்.

நான்காம் படி: பில்

வூகாமர்ஸின் ஆர்டர் எண்ணையே பில் எண்ணாக வைக்காதீர்கள். பணம் கட்டாமல் போனவை, ரத்தானவை எல்லாம் எண்ணை விழுங்குவதால் இடையில் ஓட்டை விழும். பில் எண் நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாக, 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும்: `SNG/26-27/0041` என்பது போல. பில் போடும் செருகுநிரலில் இதற்குத் தனி வரிசை வைக்கலாம். பார்சல் கடையை விட்டுக் கிளம்பும்போதோ அதற்கு முன்போ பில் போட்டாக வேண்டும்.

திருநகர் அம்மாவின் பில்லில் உங்கள் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், தேதி, அவர் பெயர், பெங்களூர் முகவரி, வழங்கும் இடம் கர்நாடகம் (29) என்பவை இருக்கும். சேலை 1,600, அனுப்பும் கட்டணம் 80, வரிக்குரிய மதிப்பு 1,680, ஐ.ஜி.எஸ்.டி. 5 சதவீதம் 84, மொத்தம் 1,764. தளத்தில் விலையாகக் காட்டிய 1,680 இங்கே வரிக்குரிய மதிப்பாகவும் வந்து நிற்பது இந்த எடுத்துக்காட்டின் தற்செயல். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தள்ளுபடிக் கூப்பன் இருந்தால் அதைக் கழித்த பிறகுதான் வரி, அந்தக் கழிவும் பில்லில் தெரிய வேண்டும்.

மகளுக்கு நிறம் பிடிக்காமல் சேலை திரும்பி வந்தால் பழைய பில்லை அழிக்கக் கூடாது, அதே எண்ணில் திருத்தவும் கூடாது. மூலப் பில்லின் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு வரவுக் குறிப்பு போடுங்கள். அனுப்பும் கட்டணம் திரும்பத் தரப்படாது என்று தளத்தில் முன்பே எழுதியிருந்தால், வரவுக் குறிப்பு 1,600க்கும் அதன் வரி 80க்கும் மட்டும். 80 ரூபாய் கட்டணமும் அதன் 4 ரூபாய் வரியும் மூலப் பில்லிலேயே நிற்கும். வாடிக்கையாளருக்குத் திருப்பித் தருவது 1,680.