மாத்திரைக்காரர் விலை வைக்கும்போது நேரும் தவறுகள்

நேரியல் திட்டமிடலில் டூயல் பாடம் வந்ததும் நான் மாத்திரைக்காரர் கதையைத்தான் எடுப்பேன். ஒரு பக்கம் ஒரு விடுதிச் சமையலறை. ஆளுக்குத் தேவையான சத்தெல்லாம் கிடைக்க வேண்டும், செலவும் குறைவாக இருக்க வேண்டும். எந்த உணவை எவ்வளவு வாங்குவது? இது பிரைமல். மறுபக்கம் ஒரு வியாபாரி. கலோரியைத் தனி மாத்திரையாகவும் புரதத்தைத் தனி மாத்திரையாகவும் விற்கிறார். எந்த உணவை எடுத்துக்கொண்டாலும், அதிலுள்ள சத்துகளை அவரிடம் மாத்திரையாக வாங்க ஆகும் செலவு அந்த உணவின் கடை விலையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சமையலறை உணவையே வாங்கிக்கொள்ளும். இந்தக் கட்டுக்குள் நின்று அவர் எவ்வளவு அதிகமாக வசூலிக்க முடியும்? இது டூயல்.

கதை எல்லோருக்கும் உடனே புரிந்துவிடும். ஆனால் விலை வைக்கச் சொன்னால், நான் முதலில் சறுக்கிய அதே இடங்களில்தான் ஒவ்வொரு புது மாணவரும் சறுக்குகிறார். சமனின்மைக் குறியைத் திருப்பிப் போடுவது, அட்டவணையில் நிரையையும் நிரலையும் மாற்றி எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். விடை அபத்தமாக வந்து அவை தாமாகவே காட்டிக்கொடுத்துவிடும். இங்கே எழுதுவது, விடை பார்க்க நன்றாக இருந்துகொண்டே தப்பாக இருக்கும் இடங்களைப் பற்றி.

ஒவ்வொரு சத்துக்கும் தனித்தனியாக விலை பேசுவது

இந்த ஒன்றை மட்டும் இன்றைக்கும் என்னால் பொறுமையாகப் பார்க்க முடிவதில்லை. ஒரு சின்னக் கணக்கோடு சொல்கிறேன். விலைகளையும் சத்தளவுகளையும் எளிய எண்களாக்கியிருக்கிறேன்.

100 கிராம் அரிசியில் 350 கலோரி, 7 கிராம் புரதம். விலை 5 ரூபாய். 100 கிராம் துவரம்பருப்பிலும் 350 கலோரிதான், ஆனால் 21 கிராம் புரதம். விலை 12 ரூபாய். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2100 கலோரியும் 56 கிராம் புரதமும் வேண்டும். சமையலறைக்கான விடையைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்: 500 கிராம் அரிசி, 100 கிராம் பருப்பு. கலோரியும் சரி, புரதமும் சரி. செலவு 37 ரூபாய்.

இப்போது மாத்திரைக்காரர். 350 கலோரிக்கு ஒரு மாத்திரை, புரதம் கிராமுக்கு ஒரு மாத்திரை. புதிதாக வருபவர் இப்படி யோசிப்பார்: "கலோரி எங்கே மலிவு? அரிசியில், 350 கலோரி 5 ரூபாய். அப்படியானால் கலோரி மாத்திரை 5 ரூபாய். புரதம் எங்கே மலிவு? பருப்பில், 12 ரூபாயை 21 கிராமால் வகுத்தால் 57 காசு. அதுதான் புரத மாத்திரையின் விலை." மிகவும் மலிவான இடத்தோடு ஒப்பிட்டாயிற்று, இனி யாரும் நம்மை மிஞ்ச முடியாது என்று நம்பிவிடுவார்.

அந்த விலையில் 100 கிராம் அரிசிக்கு ஈடான மாத்திரை வாங்கிப் பாருங்கள். ஒரு கலோரி மாத்திரை 5 ரூபாய், ஏழு புரத மாத்திரை 4 ரூபாய், ஆக 9 ரூபாய். கடையில் அரிசி 5 ரூபாய். ஒரு மாத்திரைகூட விற்காது. அரிசியின் 5 ரூபாயை முழுக்கக் கலோரியின் தலையில் கட்டியபோது, அதே 5 ரூபாய்க்குள் 7 கிராம் புரதமும் வந்ததை மறந்தாயிற்று. பருப்பிலும் அதேதான்: 12 ரூபாயும் புரதத்துக்கே என்று எழுதியாயிற்று, கூட வந்த 350 கலோரி கணக்கிலேயே இல்லை. ஒரே பணத்தை இரண்டு சத்தின் பேரில் இரண்டு முறை எழுதியிருக்கிறோம்.

சரியான விலையை எப்படிப் பிடிப்பது? 100 கிராம் அரிசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 100 கிராம் பருப்பை வையுங்கள். கலோரி மாறவில்லை. புரதம் 14 கிராம் கூடியது, செலவு 7 ரூபாய் கூடியது. ஆக, இந்தச் சமையலறைக்கு ஒரு கிராம் புரதத்தின் மதிப்பு 50 காசு. அப்புறம் அரிசியின் 5 ரூபாயில் புரதத்துக்கு மூன்றரை போனால் மீதம் ஒன்றரை ரூபாய். அதுதான் கலோரி மாத்திரையின் விலை. பருப்பிலும் சரிபார்க்கலாம்: ஒன்றரையும் பத்தரையும் சேர்ந்து 12. வருமானம் ஆறு கலோரி மாத்திரைக்கு 9 ரூபாய், 56 புரத மாத்திரைக்கு 28 ரூபாய், மொத்தம் 37. சமையலறையின் செலவும் அதே 37. இரண்டும் இப்படி ஒன்றாக நிற்காவிட்டால் எங்கோ தப்பு என்று அர்த்தம்.

இந்தத் தவறுக்கு நான் ஒரு முறை விலையும் கொடுத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விடுதி உணவகத்துக்குக் கொள்முதல் கணக்கு போட்டுக் கொடுத்தேன். சுமார் 300 பேர் சாப்பிடும் இடம். புரதத்தூள் விற்பவர் ஒருவர் வந்து, கிராம் 55 காசுக்குத் தருவதாகச் சொன்னார். பருப்பில் புரதம் 57 காசு என்று நான் எழுதி வைத்திருந்ததால், "இரண்டு காசு லாபம், வாங்கலாம் சார்" என்று மேலாளரிடம் சொன்னேன். பருப்பு குறைந்தது, தூள் வந்தது. மாதக் கடைசியில் செலவு ஏறியிருந்தது. அரிசிக் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. பருப்பை எடுத்ததும் அதோடு 350 கலோரியும் போய்விட்டது. அதை ஈடுகட்ட அரிசி கூடியிருக்கிறது. மேலே உள்ள எண்களிலேயே போட்டுப் பாருங்கள்: தூளில் கிராமுக்கு 4 கலோரி என்று அதையும் சேர்த்துக்கொண்டாலும், சுமார் 583 கிராம் அரிசியும் 15 கிராம் தூளும் ஆகும், செலவு 37 ரூபாய் 50 காசு. தலைக்கு அரை ரூபாய் நஷ்டம். 300 பேருக்கு மாதம் 4,500 ரூபாய். புரதத்துக்கு 50 காசு, கூட வரும் 4 கலோரிக்கு ஏறத்தாழ 2 காசு: அந்தத் தூளுக்கு 52 காசுக்கு மேல் கொடுத்திருக்கவே கூடாது. மேலாளர் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அடுத்த மாதப் பட்டியலில் பருப்பைப் பழைய அளவில் எழுதிக் கொடுத்தபோது என் கை கூசியது இன்னும் நினைவிருக்கிறது.

எல்லை தாண்டியும் அதே விலை என்று நம்புவது

அந்த 57 காசு எங்குமே சரியில்லை என்று நினைக்க வேண்டாம். புரதத் தேவை 126 கிராமைத் தாண்டினால் சமையலறை பருப்பை மட்டுமே வாங்கும். கலோரி தேவைக்கு மேல் வந்துவிடும், அதற்கு மதிப்பு இருக்காது. அப்போது புரதம் 57 காசுதான். மாறாக, தேவை 42 கிராமுக்குக் கீழே போனால் அரிசி மட்டுமே போதும். கலோரி மாத்திரை 5 ரூபாய், புரதம் சும்மா. ஆக, புது மாணவர் எழுதிய இரண்டு விலையும் தனித்தனியே உண்மையானவை, ஆனால் ஒன்று நிற்கும் இடத்தில் மற்றது பூஜ்யம். 50 காசு என்பது 42-க்கும் 126-க்கும் நடுவில் மட்டும் செல்லும். இப்படிக் கண்டுபிடிக்கும் சத்தின் விலையை நிழல் விலை என்பார்கள். அதை எழுதினால் பக்கத்திலேயே அந்த இரண்டு எண்களையும் எழுதுங்கள்.

விலை பூஜ்யம் என்றதும் பதறுவது

"புரதம் எவ்வளவு முக்கியம், அதை எப்படி இலவசமாகக் கொடுப்பார்?" என்று வகுப்பில் கட்டாயம் ஒருவர் கேட்பார். விலை சத்தின் முக்கியத்துவத்தைச் சொல்வதில்லை. இன்னும் ஒரு அலகு கூடுதலாகத் தேவைப்பட்டால் செலவு எவ்வளவு கூடும் என்பதை மட்டும் சொல்கிறது.

இதற்கு ஸ்டிக்லரின் கணக்கை விட நல்ல சாட்சி இல்லை. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945-இல் 77 உணவுகளையும் 9 சத்துகளையும் வைத்து, 1939-ஆம் ஆண்டு விலையில் ஒருவருக்கு வருடத்துக்கு 39.93 டாலர் போதும் என்று ஏறத்தாழக் கணித்தார். 1947-இல் ஜாக் லேடர்மன் தலைமையில் மேசைக் கணிப்பான்களோடு ஒன்பது பேர் உட்கார்ந்து, நேரியல் திட்டங்களைப் படிப்படியாகத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறையில் சரியான விடையைக் கண்டார்கள்: 39.69 டாலர். 120 ஆள்-நாள் வேலை. கோதுமை மாவு, ஈரல், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, காய்ந்த பீன்ஸ் என்று ஐந்தே உணவு. அதில் புரதத் தேவை நாளுக்கு 70 கிராம். வருவதோ சுமார் 147 கிராம். இரும்பும் அப்படியே, 12 மில்லிகிராம் கேட்டால் 60 கிடைக்கிறது. மாவும் பீன்ஸும் வேறு சத்துக்காக வந்தபோதே இவையும் கொட்டிவிட்டன. இப்படித் தேவைக்கு மேல் நிற்பவை நான்கு சத்துகள்: புரதம், இரும்பு, தயமின், நியாசின். அந்தச் சமையலறையில் மாத்திரைக்காரர் இந்த நான்குக்கும் ஒரு செண்ட்கூட வாங்க முடியாது. அவர் பிழைப்பு மீதி ஐந்தில்தான்: கலோரி, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் ஏ, ரிபோஃப்ளேவின், வைட்டமின் சி. ஐந்து உணவுக்கு ஐந்து விலை.

பட்டியலில் இல்லாத உணவை மறப்பது

மாத்திரை விலை பாதுகாப்பாக இருப்பது, நீங்கள் எழுதிய உணவுகளுக்கு எதிராக மட்டும். நம் சமையலறைக்கு நிலக்கடலையைக் கொண்டு வாருங்கள். 100 கிராமில் 560 கலோரி, 25 கிராம் புரதம், விலை 14 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய மாத்திரை விலையில் அதன் ஈடு 2.40-உம் 12.50-உம் சேர்ந்து 14.90. கடலை 90 காசு மலிவு, மாத்திரைக்காரர் தோற்றார். இனி அவர் புரதத்தைச் சுமார் 43 காசுக்கு இறக்கி, கலோரியை 1.96 வரை ஏற்றிக்கொள்ளலாம். வருமானம் 36.09 ஆகிவிடும். சமையலறையில் பருப்பு வெளியேறி அரிசியும் கடலையும் நிற்கும். கடலை 15 ரூபாயாக இருந்தால் எதுவும் மாறாது.

புது உணவு ஒன்று வந்தால் முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டியதில்லை. இந்த ஒரு பெருக்கலும் கூட்டலும் செய்து கடை விலையோடு ஒப்பிட்டாலே போதும். சிம்ப்ளெக்ஸ் ஒவ்வொரு படியிலும் செய்வதும் இதைத்தான்.

மேல்வரம்பு வைத்த சத்துக்கும் நேர் விலை எதிர்பார்ப்பது

உப்புக்கு "இதற்கு மேல் கூடாது" என்று வரம்பு வைத்தால் அதன் விலை பூஜ்யமாகவோ அதற்குக் கீழாகவோதான் வரும்.

கணினி தரும் குறியை அப்படியே எழுதுவது

```python
from scipy.optimize import linprog
r = linprog([5, 12], A_ub=[[-1, -1], [-7, -21]], b_ub=[-6, -56])
print(r.fun, r.ineqlin.marginals)
```

`linprog` குறைந்தபட்சத் தேவையை நேரடியாக ஏற்காது. "மிகாமல்" என்று மாற்ற இரண்டு பக்கமும் கழித்தல் குறி போடுகிறோம். அதனால் விலையும் -1.5, -0.5 என்று வரும். குறியைத் திருப்பிவிட்டு 6-ஆலும் 56-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். 37 வர வேண்டும்.