குடிப்பவர்களும் பி வைட்டமின் மாத்திரையும்: கணக்கு எங்கே தப்புகிறது

தினமும் நிறையக் குடிக்கும் ஒருவர் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டுக்கொள்வதில் தவறில்லை. மருத்துவர்களே எழுதிக்கொடுப்பதுதான். சிக்கல், அந்த மாத்திரை என்ன செய்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வதில் இருக்கிறது. "மாத்திரை போட்டுட்டுத்தான் குடிக்கிறேன், உடம்புக்கு ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சைக் கேட்காத குடும்பம் குறைவு.

மது உடம்பை இரண்டு தனித்தனி வழிகளில் கெடுக்கிறது. முதலாவது, சத்துகளை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. இரண்டாவது, மதுவும் அது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற பொருளும் நேரடியாகவே நஞ்சு. கல்லீரல் செல்லையும் மூளை செல்லையும் அவை தாக்குவதற்கு வைட்டமின் குறைபாடு தேவையே இல்லை. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகக் குடிப்பவருக்கும் ஈரலில் கொழுப்பு படியும். மாத்திரையால் ஈடுகட்ட முடிவது முதல் வழியை மட்டும்தான். அதைக்கூடப் பல நேரங்களில் அரைகுறையாகத்தான் ஈடுகட்டுகிறது.

மாத்திரையில் இருப்பதெல்லாம் உடம்பில் சேர்வதில்லை

பி வைட்டமின்களில் குடிப்பவர்களுக்கு மிக அவசரமானது தயமின், அதாவது பி1. சர்க்கரையை எரித்து ஆற்றலாக்கும் வேலையில் இது இல்லாமல் மூளை செல்லுக்கு ஓட்டமில்லை. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 1.2 மில்லிகிராம் அளவுதான். உடம்பின் கையிருப்பும் சிறியது, சுமார் 25 முதல் 30 மில்லிகிராம். வரவு நின்றுபோனால் இரண்டு மூன்று வாரங்களில் அது கரைந்துவிடும்.

இங்கேதான் முதல் தப்புக் கணக்கு. "ஒரு நாளைக்கு 1.2 போதும், நான் போடுவது 100 மில்லிகிராம் மாத்திரை, அப்புறம் என்ன குறை?" என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் குடல் சுவரில் தயமினை உள்ளே இழுத்துக்கொள்ளும் கடத்திகள் குறைவு. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கே, அந்த வழியில் ஒரு வேளை மாத்திரையிலிருந்து சுமார் 4 முதல் 5 மில்லிகிராம்தான் சேர்கிறது. மாத்திரையின் அளவு பெரியதானால் இன்னும் கொஞ்சம் தானாகக் கசிந்து உள்ளே போகும், அவ்வளவே. வெகுநாள் குடித்து, சாப்பாடும் குறைந்து மெலிந்தவருக்கு இந்த 4, 5-இல் மூன்றில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். குடலை மது அந்த அளவுக்குக் கெடுத்து வைத்திருக்கிறது. உள்ளே போனதையும் சேமித்து வைக்க வேண்டிய கல்லீரல் பழுதாகியிருக்கும். அதைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்ற மக்னீசியம் வேண்டும். குடிப்பவர்களுக்கு மக்னீசியம் சிறுநீரோடு வெளியேறிக்கொண்டே இருப்பதால், தயமினைக் கொடுத்தும் பலன் தெரியாமல் போகும்போது மருத்துவர் மக்னீசியம் அளவையும் பார்ப்பார்.

சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவதைப் பார்த்து, "சத்து உடம்பில் இறங்குது" என்று திருப்திப்படுகிறவர்கள் உண்டு. அந்த நிறம் பி2, அதாவது ரைபோஃபிளேவின். மிச்சமானது வெளியே போகிறது என்பதைத் தவிர அது வேறு எதையும் காட்டுவதில்லை. தயமின் எவ்வளவு சேர்ந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

தள்ளாட்டம் என்றாலே போதை இல்லை

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். நாற்பத்தைந்து வயது. பல வருடங்களாகத் தினமும் குடிக்கிறார். கடந்த மூன்று வாரங்களாக வயிறு எரிகிறது, வாந்தி வருகிறது, சோறு இறங்கவில்லை. மனைவி தவறாமல் தினமும் ஒரு பி காம்ப்ளக்ஸ் மாத்திரை கொடுத்துவருகிறார். ஒருநாள் அவர் கால்களை அகல வைத்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறார். சொன்னதையே திரும்பச் சொல்கிறார், இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியவில்லை. வீட்டில் எல்லாரும் "ஏத்திட்டு வந்திருக்கார், தூங்கினா சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

கவனிக்க வேண்டியது, கடைசியாக அவர் குடித்து எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான். முந்தின நாள் இரவுக்குப் பிறகு ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர் மறுநாள் மாலையிலும் தள்ளாடினால் அது போதை இல்லை. அவர் கண்ணைப் பாருங்கள். தலையை அசைக்காமல் பக்கவாட்டில் பார்க்கச் சொன்னால் கருவிழி துடிக்கலாம், ஓரம் வரை போகாமல் நிற்கலாம், இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று அவரே சொல்லலாம். இதற்கு வெர்னிக்கே மூளை நோய் என்று பெயர். தயமின் இல்லாமல் மூளையின் ஆழத்தில் சில பகுதிகள் பழுதாகின்றன. 1881-இல் இதை முதன்முதலில் விவரித்தவர் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர்.

கண் கோளாறு, தள்ளாட்டம், குழப்பம் மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் இந்த நோய் என்று பாடத்தில் படித்துவிட்டு ஏமாறுவது பழைய தவறு. இறந்த பின் மூளையைப் பரிசோதித்து நோய் உறுதியானவர்களில், உயிரோடு இருந்தபோது மூன்று அறிகுறிகளும் பதிவாகியிருந்தது சுமார் ஆறில் ஒருவருக்குத்தான். அதனால் குடிப்பவர்கள் விஷயத்தில் இப்போது வேறு அளவுகோல் வைக்கிறார்கள். சத்துக் குறைவு, கண் அறிகுறி, தள்ளாட்டம், குழப்பம் அல்லது லேசான மறதி என்ற நான்கில் இரண்டு இருந்தாலே சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். நம் எடுத்துக்காட்டில் வரும் மனிதருக்கு கண்ணைப் பார்ப்பதற்கு முன்பே மூன்று இருக்கின்றன. இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, காத்திருக்கவும் கூடாது.

அந்தச் சிகிச்சை மாத்திரை கிடையாது. தயமினை இரத்தக் குழாய் வழியாக, ஒரு வேளைக்கு 200 முதல் 500 மில்லிகிராம் வரை, நாளைக்கு மூன்று வேளை, சில நாட்களுக்கு மருத்துவமனையில் ஏற்றுவார்கள். குடலைத் தாண்டி நேராக இரத்தத்தில் சேர்ந்தால்தான் மூளைக்குள் போதுமான அளவு நுழையும். வீட்டில் மாத்திரையை இரண்டாக, நான்காகக் கூட்டுவது இதற்கு ஈடாகாது. அதில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான்.

உரிய நேரத்தில் ஊசி கிடைத்தால் கண் அசைவு முதலில் தேறும், சிலருக்குச் சில மணி நேரத்திலேயே. குழப்பம் தெளிய நாட்கள், வாரங்கள் ஆகும். நடை மெதுவாகத் திரும்பும், பலருக்கு முழுதாகத் திரும்பாது. தாமதித்தால் கோர்சகோஃப் நிலை என்ற நினைவிழப்பு மிஞ்சுகிறது. பத்து நிமிடம் முன்பு பேசியது மறந்துபோகும். இடைவெளியை நிரப்ப, நடக்காத ஒன்றை நடந்ததாகவே நம்பிச் சொல்வார், பொய் சொல்லும் எண்ணம் துளியும் இருக்காது. இந்தக் கட்டத்தில் தயமின் கொடுப்பது மேலும் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளத்தான். செத்துப்போன மூளை செல்லை எந்த ஊசியும் எழுப்பாது.

இதோடு இன்னொரு தவறும் சேர்ந்துகொள்கிறது. சோர்ந்து கிடக்கிறாரே என்று வெறும் குளுக்கோஸ் ஏற்றுவது. குளுக்கோஸை எரிக்கத் தயமின் செலவாகும், இருந்த கொஞ்சமும் தீர்ந்து நோய் வெளிப்பட்டுவிடலாம். சர்க்கரை அபாயகரமாக இறங்கியிருந்தால் குளுக்கோஸைத் தள்ளிப்போட முடியாது, ஆனால் தயமினும் கூடவே போக வேண்டும். சிகிச்சை தருபவருக்கு அவர் குடிப்பவர் என்று தெரிந்தால்தான் இது நடக்கும். வெட்கப்பட்டு மறைப்பதால் வரும் கேடு இது.

கால் மரத்துப்போனால் மாத்திரையைக் கூட்டுவது

பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது, செருப்பு நழுவினால் தெரிவதில்லை. வெகுநாள் குடிப்பவர்களிடம் இது சாதாரணம். உடனே "நரம்பு மாத்திரை" வாங்கி, ஏற்கனவே போடுவதோடு சேர்த்துப் போடுகிறார்கள். இப்படி விற்கும் பல மாத்திரைகளில் பி6 பெரிய அளவில் இருக்கிறது. பி6 மட்டும் தன் எல்லை தாண்டினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். அறிகுறியும் அதே மரப்புதான். கால் மரக்கிறது என்று மாத்திரையைக் கூட்ட, கூட்டிய மாத்திரையால் இன்னும் மரக்க, நோயும் மருந்தும் பிரித்தறிய முடியாமல் பின்னிக்கொள்கின்றன. அமெரிக்காவில் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள், ஐரோப்பாவிலோ 2023-இல் தங்கள் வரம்பை 12 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டார்கள். எல்லா மாத்திரை அட்டைகளின் பின்பக்கத்தையும் பார்த்து, பி6-ஐக் குறிக்கும் பைரிடாக்ஸின் என்ற பெயருக்கு எதிரே இருக்கும் எண்களைக் கூட்டிப் பாருங்கள்.

ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகப் போடுவதிலும் ஒரு கண்ணி உண்டு. பி12 குறைவால் வந்த இரத்தசோகை அதில் சரியானதுபோலத் தோன்றும், நரம்புச் சேதம் மட்டும் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். கல்லீரல் கெட்டவர்களுக்கு பி12 பரிசோதனை முடிவு உண்மையைவிட உயர்வாகவும் வரலாம் என்பதால், அறிக்கையில் "நார்மல்" என்று இருப்பதை மட்டும் நம்பி நிம்மதியடைய முடியாது.

இரத்த அறிக்கையில் சிவப்பணுவின் சராசரி அளவு, அதாவது MCV, பெரிதாக இருப்பதைக் கண்டு "வைட்டமின் குறைவுதான்" என்று முடிவுகட்டுவதும் அவசரம். எந்த வைட்டமின் குறைவும் இல்லாமலேயே மது சிவப்பணுவைப் பெரிதாக்கும். குடியை நிறுத்தி இரண்டு முதல் நான்கு மாதங்களில் அது தானாக இறங்குகிறது. குடித்துக்கொண்டே மாத்திரை போட்டால் இறங்காது. வைட்டமினும் மதுவும் தனித்தனிப் பிரச்சினைகள் என்பதற்கு வீட்டிலேயே கையில் இருக்கும் ஆதாரம் இந்த ஒரு எண்தான்.

ஈரலும் அப்படியே. வெறும் கொழுப்பு படிந்த நிலையில் குடியை நிறுத்தினால் சில வாரங்களில் கொழுப்பு வடியத் தொடங்கும். தழும்பேறிச் சுருங்கிய சிரோசிஸ் நிலையை எந்த பி வைட்டமினும் பின்னால் திருப்பியதில்லை. பி3-ஐ நியாசின் வடிவில் அதிக அளவில் போட்டுக்கொள்வது ஈரலுக்கே கேடு.

மாத்திரையை நம்பி ஒரே நாளில் நிறுத்துவது

கடைசித் தவறு, நல்ல எண்ணத்தில் வருவது. "இன்றோடு விட்டேன், வைட்டமின் இருக்கு, தாங்கிக்கொள்வேன்" என்று அறைக்குள் படுத்துவிடுகிறார். தினமும் அதிகம் குடித்த உடம்பு திடீரென மது நின்றால் கொந்தளிக்கும். சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும், 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு, இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் பிதற்றலும் இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் வரலாம். இதில் உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். பி வைட்டமின் எதுவும் வலிப்பைத் தடுக்காது. அதற்கு மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும் வேறு மருந்துகள் இருக்கின்றன. முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், விடிந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் ஆகியோர் நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நிறுத்திய பிறகு நடுக்கம் கூடினாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோய், கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார், எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்ற மூன்றையும் முதலில் சொல்லிவிடுங்கள். போட்டுவந்த மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.