பாட்டெல்லாம் நல்ல பாட்டு, வரிசைதான் இடறுகிறது: பிளேலிஸ்ட் அடுக்கும்போது நடக்கும் தவறுகள்

வீட்டில் ஒரு விசேஷம், மாலை 7 முதல் 9 வரை பின்னணியில் பாட்டு ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சினிமாப் பாட்டு ஒன்று ஏறக்குறைய ஐந்து நிமிடம், ஆக 25 பாட்டு போதும். 25-ஐயும் நன்றாகத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஆனால் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை யாராவது வந்து ‘அடுத்தது’ அமுக்கிவிட்டுப் போவார்கள். கேட்டால் "இந்தப் பாட்டு பிடிக்கும், ஆனா இப்போ வேண்டாம்" என்பார்கள். இடறுவது பாட்டில் இல்லை, இரண்டு பாட்டு சேரும் இடத்தில்.

பலரும் செய்வது இதுதான்: ஒவ்வொரு பாட்டுக்கும் பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற எண்ணை ஏதாவது ஒரு மென்பொருளிலிருந்து எடுத்து, சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கிவிடுகிறார்கள். அந்த எண்ணை அப்படியே நம்புவதுதான் முதல் தவறு.

மென்பொருள், ஒலியில் சீராக வந்து விழும் அடிகளைத்தான் தேடுகிறது. அவற்றில் எந்த அடிக்கு நம் கால் தட்டும் என்பது அதற்குத் தெரியாது. நிமிடத்துக்கு 75 தட்டில் போகும் மெலடியில் தபலா இடைவெளிகளை நிரப்பிக்கொண்டே வந்தால் 150 என்று காட்டிவிடும். தாலாட்டு மாதிரி ஒரு பாட்டு குத்துப்பாட்டுகளுக்கு நடுவில் போய் உட்காரும். இதை முதல்முறை கேட்கும்போதே பிடித்துவிடலாம், எண்ணைப் பாதியாக்கினால் சரி.

பிடிபடாமல் போவது திஸ்ர நடைப் பாட்டுகள். நாட்டுப்புற மெட்டுகள், டப்பாங்குத்து, பழைய மெலடிகள் என்று நம்மிடம் இவை ஏராளம். இவற்றில் ஒவ்வொரு தட்டும் ‘தகிட, தகிட’ என்று மூன்றாகப் பிரியும். நிமிடத்துக்கு 80 தடவை கால் தட்டினால், உள்ளே இருக்கும் சின்ன அடிகள் 240. மென்பொருள் அவற்றை மூன்று மூன்றாகச் சேர்க்காமல் இரண்டிரண்டாகச் சேர்த்தால் கிடைக்கும் விடை 120. அந்தப் பாட்டு 118-க்கும் 122-க்கும் நடுவில், நான்கு நான்காகத் தட்டும் இரண்டு டான்ஸ் பாட்டுகளுக்கு இடையில் அழகாகப் பொருந்திவிடும். பட்டியலில் குறையே தெரியாது. ஆடிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் கால் பின்னும்.

இதைச் சரிபார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை. பாட்டின் நடுப்பகுதியை ஓடவிட்டு, கால் தானாகத் தட்டுவதை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். திரையில் இருக்கும் எண்ணோடு ஒத்துவரவில்லை என்றால் காலை நம்புங்கள். Mixxx என்ற இலவச டிஜே மென்பொருளை வைத்திருப்பவர்கள் எண்ணை மெனுவிலேயே திருத்தலாம்: பாதியாக்க Halve BPM, மேலே சொன்ன திஸ்ரக் கோளாறுக்கு 2/3 BPM. அப்படியே பாட்டுக்குப் பக்கத்தில் ‘3’ அல்லது ‘4’ என்று நடையையும் குறித்து வையுங்கள். இந்த ஒரு குறிப்பு தசம எண்களைவிட அதிகம் உதவும். வாத்தியக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து வாசித்த பழைய பதிவுகளில் வேகமே கொஞ்சம் ஏறி இறங்கும் என்பதால், 97.4-ஆ 98.1-ஆ என்று மெனக்கெடுவதில் அர்த்தமில்லை.

அடுத்த தவறு, முழுப் பாட்டுக்கும் ஒரே எண்தான் என்று நினைப்பது. வரிசைக்கு முக்கியம் முதல் 20 விநாடியும் கடைசி 20 விநாடியும். நம் பாட்டுகள் பல ஒரு ஆலாபனையோடோ புல்லாங்குழலோடோ தாளமே இல்லாமல் தொடங்கும். 100 பிபிஎம் பாட்டுதானே என்று குத்துப்பாட்டுக்குப் பின்னால் வைத்தால், அந்த 20 விநாடிக்குள் ஆடியவர்கள் நாற்காலிக்குப் போய்விடுவார்கள். ஆனால் இதே தொடக்கம் வேறொரு இடத்தில் நல்ல பாலம். தாளம் இல்லாத இடத்தில் காது முந்தைய வேகத்தை மறந்துவிடும். நடை மாற வேண்டிய இடத்துக்கும், வேகம் பெரிதாகத் தாண்ட வேண்டிய இடத்துக்கும் இப்படிப்பட்ட பாட்டுகளை ஒதுக்கி வைக்கலாம்.

கிராஸ்ஃபேடை நீட்டி இதைச் சமாளிக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். ஸ்பாட்டிஃபையில் அதை 12 விநாடி வரை வைக்கலாம். சாதாரண கிராஸ்ஃபேட் ஒரு பாட்டின் சத்தத்தைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். டிஜே செய்வதுபோல் வேகத்தை ஒத்திசைக்காது. 12 விநாடியும் இரண்டு தாளம், இரண்டு சுருதி ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று விநாடி போதும். ‘டக்’கென்று நின்று முடியும் பாட்டுகளுக்கு அதுவும் வேண்டாம்.

மூன்றாவது, வேகத்தையும் மனநிலையையும் ஒன்றாக்குவது. வேகமான தாளத்தில் பிரிவுத் துயரம் பாடும் பாட்டும் உண்டு, மெதுவாகப் போய்க்கொண்டே அரங்கத்தை அதிரவைக்கும் பாட்டும் உண்டு. அதனால் பிபிஎம் தவிர இரண்டு குறிப்பு தேவை: பாட்டின் வீரியம் எவ்வளவு என்று 1 முதல் 5 வரை ஓர் எண், உணர்வைச் சொல்ல ஒரு சொல். காதல், ஏக்கம், கேலி, கொண்டாட்டம், இப்படி. ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இந்த இரண்டில் ஒன்றைத்தான் பெரிதாக மாற்ற வேண்டும்.

நம் விசேஷத்தின் நடுப்பகுதியை எடுத்துப் பார்ப்போம். 84-இல் ஒரு காதல் மெலடி, வீரியம் 2. அடுத்து 92-இல் கொஞ்சம் கேலி கலந்த காதல், வீரியம் 3. பிறகு அந்த திஸ்ர நடை நாட்டுப்புறப் பாட்டு, திரையில் 120, காலில் 80, வீரியம் 4. கால் தட்டு 92-இலிருந்து 80-க்கு இறங்கினாலும் உள்ளே ‘தகிட’ ஓடுவதால் வேகம் கூடியதுபோலத்தான் தோன்றும். கேலி தொடர்கிறது, வீரியம் மட்டும் ஏறுகிறது. இங்கிருந்து 118 டான்ஸ் பாட்டுக்குப் போக வேண்டும். நேராகத் தாளத்தோடு தொடங்கும் பாட்டை வைத்தால் இடறும். குரல் மட்டும் பத்து விநாடி வந்து பிறகு அடி விழும் பாட்டாகத் தேடி வைத்தால் தாண்டுவது தெரியாது. அதன்பின் 124, வீரியம் 5. இறங்கும்போது உடனே ஏக்கப் பாட்டுக்குப் போகாமல், கொண்டாட்டத்தை விடாமல் வீரியம் 3-இல் ஒரு 95 பாட்டு, அப்புறம் சாப்பாட்டு நேர மெலடி.

124-இலிருந்து 95-க்கு இறங்குவது பெரிய இறக்கம்தானே என்று தோன்றலாம். தாளத்திலிருந்து தாளத்துக்குப் போகும்போது ஐந்தாறு பிபிஎம் வித்தியாசம் காதில் படாது. முப்பது குறைந்தால் வேண்டுமென்றே மாற்றியதாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில், ஒரு பன்னிரண்டு குறைவதுதான் மோசம், பாட்டு இழுக்கிறது என்று தோன்றவைக்கும். இரண்டு மணி நேரமும் ஏறிக்கொண்டே போகும் வரிசையிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கடைசி அரை மணி நேரத்தில் பேச்சே கேட்காது. மூன்று நான்கு பாட்டு ஏற்றம், ஒன்றிரண்டு இறக்கம் என்று அலையாகப் போவது நல்லது.

பழைய பதிவுகள் சத்தம் குறைவாகக் கேட்கும், புதியவை அடித்துக் கிளம்பும். செயலியின் அமைப்பில் ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதியை இயக்கிவிடுங்கள். ஷஃபிளை அணைத்துவிட்டீர்களா என்றும் ஒருமுறை பாருங்கள்.

25 பாட்டு வரிசையில் 24 இணைப்புகள். ஒவ்வொன்றிலும் முன்பாட்டின் கடைசி 20 விநாடி, பின்பாட்டின் முதல் 20 விநாடி கேட்டால் மொத்தமே 16 நிமிடம். ஏதாவது ஒரு பாட்டை இடம் மாற்றினால் மூன்று இணைப்புகளை மறுபடி கேட்க வேண்டும்: எடுத்த இடத்தில் ஒன்று, வைத்த இடத்தில் முன்னும் பின்னும் இரண்டு.