‘நியாயமான’, ‘உடனடியாக’: ஒப்பந்த மெய்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்று மெய்ப்புக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் 7.2ஆம் பிரிவு, “பழுது குறித்த அறிவிப்பு கிடைத்ததும் பராமரிப்பாளர் அதனை உடனடியாகச் சரிசெய்ய வேண்டும், அதற்கு ஆகும் நியாயமான செலவுகளை உரிமையாளர் ஏற்க வேண்டும்” என்கிறது. 7.2இல் கூறிய கடமையைப் பராமரிப்பாளர் நிறைவேற்றத் தவறினால் உரிமையாளர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது 11.4ஆம் பிரிவு. கடைசிப் பக்கத்து அட்டவணையில் “பழுது அறிவிப்பு: 48 மணி நேரம்” என்று ஒரு வரி இருக்கிறது.

இதைப் படிக்கும் மெய்ப்புத் திருத்துநருக்குக் கை துறுதுறுக்கும். ‘உடனடியாக’ என்பது தெளிவில்லாத சொல், தெளிவான எண்ணோ அட்டவணையிலேயே இருக்கிறது, ஆகவே “48 மணி நேரத்திற்குள்” என்று மாற்றிவிட்டால் ஆவணம் சீராகிவிடும் என்று தோன்றும். செய்யக்கூடிய தவறுகளில் மிகப் பெரியது இதுதான். அட்டவணையிலுள்ள 48 மணி நேரம் பழுதைச் சரிசெய்வதற்கானதா, வந்து பார்ப்பதற்கானதா, அறிவிப்புக்குப் பதில் அளிப்பதற்கானதா என்பது அந்த வரியிலிருந்து தெரியவில்லை. உதிரிபாகம் வந்து சேரவே ஒரு வாரம் ஆகக்கூடிய பழுதாக இருந்தால், திருத்துநர் செருகிய எண் 49ஆவது மணி நேரத்திலேயே பராமரிப்பாளரைக் கடமை தவறியவராக ஆக்கி, 11.4இன்படி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமையை உரிமையாளருக்குத் தந்துவிடும். ‘உடனடியாக’ என்றே விட்டிருந்தால், அந்தச் சூழ்நிலையில் அக்கறையுள்ள ஒரு பராமரிப்பாளர் எவ்வளவு விரைவாகச் செயல்பட்டிருக்க முடியும் என்ற கேள்விக்கு இடம் இருந்திருக்கும். மறுபுறம், அரை மணி நேரத்தில் முடிகிற சிறு பழுதுக்கு இரண்டு நாள் அவகாசம் தந்து உரிமையாளரின் உரிமையைக் குறைப்பதும் அதே எண்தான். எந்தத் தரப்பினரும் பேசி ஒப்புக்கொள்ளாத ஒரு நிபந்தனையை, இருவரில் எவருக்கும் தெரியாமல் மூன்றாம் மனிதர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

இத்தகைய சொற்கள் வரைவாளரின் சோம்பலால் மட்டும் வருவதில்லை. எண்ணில் இணக்கம் ஏற்படாதபோது, ஒருவர் 24 மணி நேரமும் மற்றவர் 5 நாளும் கேட்டுப் பேச்சு நின்றுபோன இடத்தில், ‘உடனடியாக’ என்ற சொல் சமரசமாக வந்து அமர்ந்திருக்கலாம். என்னென்ன சூழ்நிலைகள் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத இடங்களிலும் அளவுகோலைத் திறந்து வைப்பதே வரைவாளரின் நோக்கமாக இருக்கும். பன்னாட்டுச் சரக்கு விற்பனை ஒப்பந்தங்களுக்கான 1980ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையே இதற்கு நல்ல சான்று. சரக்கில் குறை கண்ட வாங்குபவர் அதை ‘நியாயமான காலத்திற்குள்’ விற்பவருக்கு அறிவிக்க வேண்டும் என்று அதன் 39ஆம் பிரிவு கூறுகிறது. விரைவில் கெடும் பொருளுக்கும் கனரக இயந்திரத்துக்கும் ஒரே நாள் கணக்கு பொருந்தாது அல்லவா? அதே பிரிவு, சரக்கு உண்மையில் கைக்கு வந்த நாளிலிருந்து 2 ஆண்டு என்ற உச்சவரம்பையும் பொதுவிதியாக வைக்கிறது. நெகிழ்வு வேண்டிய இடத்தில் சொல்லையும், உறுதி வேண்டிய இடத்தில் எண்ணையும் வரைந்தவர்கள் தெரிந்தே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அடுத்த தவறு, எண்ணைச் செருகுவதைவிடச் சாதாரணமாகத் தோன்றுவது: மிகைச்சொல் என்று கருதி நீக்கிவிடுவது. “நியாயமான செலவுகள்” என்பதில் ‘நியாயமான’ வெறும் அலங்காரம் போலத் தெரியும். அதை எடுத்துவிட்டால், பராமரிப்பாளர் எவ்வளவு செலவு செய்தாலும் உரிமையாளர் கொடுத்தாக வேண்டும் என்று வாதிட வழி பிறக்கிறது. செலவுக்கு இருந்த ஒரே வரம்பு அந்தச் சொல்தான். எதிர்மறை வாக்கியங்களில் விளைவு இன்னும் கடுமையாக இருக்கும். “உரிமையாளர் தமது ஒப்புதலை நியாயமற்ற முறையில் மறுக்கக் கூடாது” என்ற வாக்கியத்தை எளிமைப்படுத்துவதாக எண்ணி “ஒப்புதலை மறுக்கக் கூடாது” என்று சுருக்கினால், தக்க காரணம் இருந்தால் மறுக்கலாம் என்ற உரிமையே போய்விடுகிறது. வாக்கியம் அழகாகத்தான் இருக்கும்.

சொற்களை ஒருமைப்படுத்தும் பழக்கமும் இங்கே ஆபத்தானது. கட்டுரையில் ஒரே பொருளுக்கு ஒரே சொல் என்பது நல்ல விதி. ஒப்பந்தத்தில் ஓரிடத்தில் ‘உடனடியாக’ என்றும் வேறோர் இடத்தில் ‘காலதாமதமின்றி’ என்றும் இருந்தால், இரண்டு சொற்கள் இரண்டு பொருளுக்காக வந்தவை என்று வாதிட இடமுண்டு. அவற்றை ஒன்றாக்கும் திருத்தம் அந்த வாதத்தை அழித்துவிடும். தமிழில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கலும் இருக்கிறது. ஆங்கில மூலத்தில் ‘இம்மீடியட்லி’, ‘பிராம்ப்ட்லி’ என்று வேறு வேறாக இருப்பவை, மொழிபெயர்ப்பில் இரண்டுமே ‘உடனடியாக’ என்று வந்து நிற்பதை அடிக்கடிக் காணலாம். இருமொழி ஆவணமாக இருந்தால் மூலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரு சொல் ஒரு சொல்லாகியிருப்பதைச் சுட்டிக்காட்ட வேண்டும். எது சரியான தமிழ்ச் சொல் என்று நமக்குத் தெரிந்திருந்தாலும் நாமாக மாற்றக் கூடாது.

சரி, சுட்டிக்காட்டுவது என்றால் எப்படி? ‘நியாயமான’ வரும் நாற்பது இடங்களிலும் குறிப்பு எழுதினால், வழக்கறிஞர் ஐந்தாவதோடு படிப்பதை நிறுத்திவிடுவார். அவரைக் குறைசொல்ல முடியாது. குறிப்புத் தேவைப்படும் இடங்கள் குறைவு. ஒரே கடமைக்கு ஓரிடத்தில் சொல்லும் வேறோர் இடத்தில் எண்ணும் இருப்பது, ஒரே கடமைக்கு இரு வேறு சொற்கள் வருவது, அபராதமோ ஒப்பந்த முடிவோ அந்தச் சொல்லைச் சார்ந்து நிற்பது ஆகியவைதாம் பெரும்பாலும் கேட்கத் தக்கவை. நம் 7.2ஆம் பிரிவில் முதலாவதும் மூன்றாவதும் ஒருங்கே இருக்கின்றன.

குறிப்பை ஆவணத்தின் உரைக்குள் எழுதாமல், ஓரக் கமெண்டாகவோ தனிப் பட்டியலாகவோ எழுத வேண்டும். உரைக்குள் எழுதியது கையெழுத்துப் பிரதி வரை தப்பிச் சென்றுவிடக்கூடும். குறிப்பில் நம் தீர்ப்பு வரக் கூடாது. “இது தெளிவாக இல்லை, 48 மணி நேரம் என்று மாற்றலாம்” என்பது, கேள்வி வடிவில் இல்லாத ஒரு திருத்தமே. இப்படி எழுதலாம்:

“பிரிவு 7.2: ‘உடனடியாக’ என உள்ளது. அட்டவணையில் ‘பழுது அறிவிப்பு: 48 மணி நேரம்’ என உள்ளது. இரண்டும் ஒரே கடமையைக் குறிக்கின்றனவா? பிரிவு 11.4 இந்தக் கடமையைச் சார்ந்துள்ளது. உரையில் மாற்றம் செய்யப்படவில்லை.”

கடைசி வாக்கியத்தை நான் எப்போதும் சேர்ப்பேன். குறிப்பைப் பார்ப்பவர், உரையிலும் ஏதோ கை வைக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பழைய பிரதியோடு வரி வரியாக ஒப்பிட உட்கார்ந்துவிடாமல் அது காக்கும்.

பதில் “அப்படியே இருக்கட்டும்” என்று வந்தால், உரையை அப்படியே விட்டுவிட வேண்டும். கேள்வியையும் பதிலையும் தேதியுடன் கோப்பில் வைக்க வேண்டும். அடுத்த வரைவு வேறொரு திருத்துநரின் கைக்குப் போகும்போது, அவரும் அதே ‘உடனடியாக’வைப் பார்த்து அதே அட்டவணையைப் புரட்டுவார்.