பகுச்சியோல் வாங்கும்போதும் பூசும்போதும் நேரும் தவறுகள்

முகச் சுருக்கத்தையும் கருமையையும் குறைக்கப் பூசும் பகுச்சியோலை 'தாவர ரெட்டினால்' என்று விற்றாலும், அது வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. இரண்டின் மூலக்கூறு அமைப்பும் வேறு. ரெட்டினால் தோலுக்குள் போய் ரெட்டினாயிக் அமிலமாக மாறித்தான் வேலை செய்கிறது. பகுச்சியோல் அப்படி மாறுவதில்லை. தோல் செல்களில் ரெட்டினால் தூண்டும் மரபணுக்களில் பலவற்றை இதுவும் தூண்டுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியதால்தான் இந்த ஒப்பீடே பிறந்தது.

'இரண்டும் சமம் என்று நிரூபித்துவிட்டார்கள்' என்று நம்புவது முதல் தவறு. விளம்பரங்கள் பெரும்பாலும் சுட்டுவது பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் 2019-இல் வந்த ஆய்வை. 44 பேர், 12 வாரம். ஒரு பிரிவு 0.5% பகுச்சியோலைத் தினம் இருமுறை பூசியது, மற்றது 0.5% ரெட்டினாலை ஒருமுறை. சுருக்கமும் கருமையும் இரு பிரிவிலும் குறைந்தன; புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. ரெட்டினால் பூசியவர்களுக்குத் தோல் உரிதலும் எரிச்சலும் அதிகம். நல்ல ஆய்வுதான். ஆனால் 44 பேரிடம் வேறுபாடு தென்படவில்லை என்பதால் வேறுபாடே இல்லை என்றாகாது. மருந்துச்சீட்டில் எழுதித் தரும் ட்ரெட்டினாயினோடு இதை ஒப்பிடவும் இல்லை. ட்ரெட்டினாயினுக்கோ பல பத்தாண்டுச் சான்றுகள் இருக்கின்றன.

அடுத்த தவறு, அந்த ஆய்வை நம்பி வாங்கிவிட்டு இரவில் மட்டும் பூசுவது. அங்கே பலன் தெரிந்தது காலையும் இரவும் பூசியபோது. ஒருமுறை மட்டும் பூசினால் அந்த முடிவை எதிர்பார்க்க முடியாது. மூன்றாம் வாரத்திலேயே 'வேலை செய்யவில்லை' என்று நிறுத்துவதும் அவசரமே.

அளவைப் பார்க்காமல் வாங்குவதும் உண்டு. 30 மி.லி. குப்பியில் 0.5% என்றால் ஏறக்குறைய 150 மில்லிகிராம், அவ்வளவுதான். குப்பியின் பொருள் பட்டியலில் 1 சதவீதத்துக்குக் கீழுள்ளவற்றை எந்த வரிசையிலும் அச்சிட விதிகள் பொதுவாக இடம்தருகின்றன. அதனால் பட்டியலில் பெயர் எங்கே இருக்கிறது என்பதை வைத்து அளவை ஊகிக்க வழியில்லை. சதவீதத்தையே அச்சிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு வேறு. பகுச்சியோல் எடுக்கப்படுவது கார்போகரிசி விதையிலிருந்து. 'இரண்டும் ஒன்றுதானே' என்று அந்த விதை எண்ணெயையே முகத்தில் தடவுகிறார்கள். விதையில் சோரலன் என்ற பொருளும் இருக்கிறது. அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் சிவந்து கொப்புளிக்கும், பிறகு கருந்தழும்பு நிற்கும். கருமையைப் போக்கப் பூசியதே கருமையைக் கொண்டுவந்துவிடும். அழகுப்பொருளுக்கான சுத்திகரித்த பகுச்சியோலில் சோரலனை நீக்கியிருப்பார்கள். பட்டியலில் 'பகுச்சியோல்' என்றே இருக்க வேண்டும். 'சோரலியா கோரிலிஃபோலியா விதை எண்ணெய்' என்றிருந்தால் அது வேறு பொருள்.

சுத்திகரித்த பகுச்சியோலும் சிலருக்கு ஒவ்வாமை தந்திருக்கிறது. முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு சில நாள் தொடர்ந்து பூசிப் பாருங்கள்; அரிப்போ தடிப்போ வந்தால் நிறுத்திவிடுங்கள். கர்ப்பிணிகள் ரெட்டினாலைத் தவிர்ப்பதால் இது அவர்களுக்குப் பாதுகாப்பானது என்று விற்கிறார்கள். 2019 ஆய்வு அதைச் சோதிக்கவே இல்லை. மருத்துவரிடம் கேட்காமல் பூச வேண்டாம்.