ரயில் டிக்கெட்டில் பெயர் தவறா? கேன்சல் பட்டனில் கை வைக்காதீர்கள்

புதிதாகச் சொந்தக்காரர்களுக்கு டிக்கெட் எடுத்துக்கொடுக்க ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

எழுத்துப்பிழைக்காக மொத்த டிக்கெட்டையும் ரத்து செய்வது

இதைப் பார்த்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வரும். தீபாவளிக்கு ஊருக்குப் போக, தெரிந்த தம்பி ஒருவர் ஸ்லீப்பரில் வீட்டார் நாலு பேருக்கும் ஒரே பிஎன்ஆரில் டிக்கெட் எடுத்தார். எல்லாம் கன்ஃபர்ம். அம்மா பெயர் ஆதாரில் Meenakshi, டிக்கெட்டில் Meenatchi. பதறிப்போய் நாலையும் ரத்து செய்தார். ரத்துக் கட்டணம் போனது கூடப் பெரிதில்லை. மறுபடி எடுத்தபோது நாலு பேருக்கும் வெயிட்டிங் லிஸ்ட்.

இ-டிக்கெட்டில் ஒரு பிஎன்ஆரில் இருப்பவர்களில் யாராவது ஒருவர் அசல் அடையாள அட்டையைக் காட்டினால் போதும். அப்பா தன் அட்டையை நீட்டியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

தனியாகப் போகிறவருக்குத்தான் பெயர் பொருந்துவது முக்கியம். இ-டிக்கெட்டைக் கையில் வைத்திருப்பவர் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். அதில் உள்ள ஆள் இவர்தான் என்று சொல்ல அட்டையை விட்டால் வேறு ஆதாரம் இல்லை. அட்டை இல்லையென்றால் டிக்கெட் இல்லாத பயணியாகவே கணக்கு: முழுக் கட்டணம், மேலே அபராதம். ஓரிரு எழுத்து மாறினால் டிடிஇ பெரும்பாலும் படத்தையும் ஆளையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஆனால் அட்டையில் வெங்கடசுப்ரமணியன், டிக்கெட்டில் வீட்டில் கூப்பிடும் ‘கண்ணன்’ என்றால் அவர் என்ன செய்வார்?

அப்படிப்பட்ட டிக்கெட்டை இணையத்தில் திருத்த முடியாது. டிக்கெட் பிரிண்ட், அசல் அட்டை, அதன் நகல், ஒரு விண்ணப்பக் கடிதம் எல்லாம் எடுத்துக்கொண்டு ரிசர்வேஷன் அலுவலகத்தில் தலைமை ரிசர்வேஷன் சூப்பர்வைசரைப் பாருங்கள். ரயில் புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

‘பெயர் மாற்ற வேண்டும்’ என்று கேட்பது

பெயர் மாற்றம் என்றால் டிக்கெட்டை வேறொருவருக்குக் கொடுப்பது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவிக்கு மட்டும், அதுவும் ஒரே ஒரு முறை. உறவுக்குச் சான்றும் கேட்பார்கள். உங்களுக்கு வேண்டியது எழுத்துத் திருத்தம் என்றால் அப்படியே சொல்லுங்கள்.

வயது

61ஐ 60 என்று அடித்ததற்கெல்லாம் கவலை வேண்டாம். மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சிலேயே நின்றுவிட்டது, கட்டணத்தில் வித்தியாசம் இல்லை. சிக்கல் பிள்ளைகள் விஷயத்தில்தான். 5 முதல் 11 வயது வரை பெர்த் வேண்டாம் என்றால் அரைக் கட்டணம். 12 முடிந்த பையனுக்கு 11 என்று போட்டிருந்தால், அவன் அட்டையே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆதாரைப் படம் பிடித்து போனில் வைத்திருப்பது

செல்லாது. டிஜிலாக்கரில் திறந்து காட்டினால் செல்லும்.

மாஸ்டர் லிஸ்ட்

ஐஆர்சிடிசி கணக்கில் பயணிகளின் விவரங்களைச் சேமித்து வைக்கும் பட்டியல் இது. அங்கே தவறாகச் சேமித்த பெயர் ஒவ்வொரு டிக்கெட்டிலும் வந்து நிற்கும். அட்டையைப் பார்த்து இன்றைக்கே திருத்துங்கள்.